சாட்டின் கவுன் சரிந்து விழ வேண்டுமா? ஆர்டர் ஷீட்டில் திசையை எழுதுங்கள்

தளவாய்புரம், முகவூர், செட்டியார்பட்டி நைட்டி யூனிட்டுகளில் சாம்பிள் பிரிவில் வேலை பழகியவர்கள் பலர் இப்போது ரிசப்ஷன் கவுன், பார்ட்டி கவுன் ஆர்டர்களுக்கும் ஷீட் எழுதுகிறார்கள். அவர்களில் பலர் எழுதும் வரி இதுதான்: "சாட்டின் கவுன், சாஃப்டாக, ஃப்ளோவாக விழ வேண்டும்." கட்டிங் மாஸ்டரால் இந்த வரியை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. அவர் கைக்குப் பழகியபடி துணியை விரித்து, கரைக்கு இணையாகப் பேட்டர்னை வைத்து வெட்டிவிடுவார். தைத்து வரும் கவுன் இடுப்புக்குக் கீழே குழாய் குழாயாக நேராக நிற்கும். பார்த்தவுடன் பையர் "விறைப்பா இருக்கே" என்பார். மாஸ்டர்மேல் தப்பில்லை. துணி எந்தத் திசையில் தொங்க வேண்டும் என்று ஷீட்டில் யாரும் எழுதவில்லை.

இதைப் புரிந்துகொள்ள ராஜபாளையத்துக்காரர்களுக்கு வெளியூர்ப் பயிற்சி வேண்டாம். சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணியில் ஒரு சதுரம் வெட்டி எடுங்கள். மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பிடித்து இழுத்தால் துணி கொடுக்காது, பாவு நூல் நேராக நின்று தாங்கும். இரண்டு பக்க விளிம்புகளைப் பிடித்து இழுத்தால் ஊடை நூல் தாங்கும். இப்போது எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுங்கள். துணி நீளும், அதே நேரம் இடை ஒடுங்கும். நூல்களுக்கு இடையே இருந்த சின்னச் சதுரங்கள் சாய்ந்து சாய்சதுரமாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நூல் நீளவில்லை, நூல்கள் சந்திக்கும் கோணம்தான் மாறுகிறது. பிளவுஸ் தைப்பவர்கள் கிராஸ் கட்டிங் என்று சொல்வது இந்த 45 டிகிரியைத்தான். பிளவுஸில் ஒரு சின்னத் துண்டில் நடப்பதைக் கவுனில் தோளிலிருந்து கணுக்கால்வரை நடக்கவைக்கிறோம். பாரிஸில் 1912-இல் கடை திறந்த மாதலேன் வியோனே முழு உடையையும் இப்படிக் கிராஸில் வெட்டிப் பெயர் வாங்கினார். மரத்தால் செய்த சிறிய பொம்மைமேல் துணியைச் சுற்றிப் பார்த்துத்தான் அவர் டிசைன் செய்வார். காகிதத்தில் வரைந்து முடிவுசெய்ய முடியாத வெட்டு இது.

சாட்டினில் இந்தச் சரிவு கூடுதலாகத் தெரியும். சாட்டின் நெசவில் ஒரு நூல் பல நூல்களைத் தாண்டிய பிறகுதான் ஒருமுறை கீழே இறங்கும். பின்னல் புள்ளிகள் குறைவு என்பதால் நூல்கள் ஒன்றன்மேல் ஒன்று எளிதாக வழுக்குகின்றன, வெளிச்சமும் நீண்ட கோடாக ஓடுகிறது. ஆனால் "சாட்டின்" என்று மட்டும் எழுதினால் போதாது. டச்சஸ் சாட்டின் கனமானது, தானாகவே நிற்கும், அதை எந்தத் திசையில் வெட்டினாலும் கூடாரம்தான். சார்மூஸ் போன்ற மெல்லிய சாட்டின்தான் சரியும். எடையை எழுதுங்கள். சதுர மீட்டருக்கு 80 முதல் 110 கிராம் வரை என்றால் கிராஸ் கவுனுக்குத் தோதாக இருக்கும். பாலியஸ்டர் என்றால் பாலியஸ்டர், பட்டு என்றால் பட்டு. துணியின் ஒரு துண்டை ஷீட்டிலேயே பின் செய்துவிட்டால் எடையைப் பற்றி யாரும் போன் செய்து கேட்க மாட்டார்கள்.

அடுத்த வரி, திசை. "முன் பாகத்தின் நடுக்கோடு கரைக்கு 45 டிகிரி" என்று எழுதி, பேட்டர்ன் படத்தில் அம்புக்குறியும் போடுங்கள். வெறுமே "கிராஸ்" என்று எழுதினால் சில மாஸ்டர்கள் துணி மிச்சம் பிடிக்க 30 டிகிரியில் சாய்த்து வைப்பார்கள். அப்போது மடிப்பு பாதி சரிந்து பாதி நேராக நிற்கும். பாவாடை ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும்.

அவர்கள் மிச்சம் பிடிக்க நினைப்பதற்குக் காரணம் உண்டு. கணக்கைப் பாருங்கள். 50 அங்குல நீளமும் 24 அங்குல அகலமும் உள்ள கவுன் பாகம் ஒன்றை 45 டிகிரியில் சாய்த்து வைத்தால் துணியில் அது பிடிக்கும் அகலம், நீளத்தையும் அகலத்தையும் கூட்டி 1.414-ஆல் வகுத்தால் வருவது. 74-ஐ வகுத்தால் சுமார் 52 அங்குலம். 44 அங்குலப் பன்னா துணியில் அது அடங்காது. அந்தப் பன்னாவில் அதே அகலப் பாகம் அதிகபட்சம் 38 அங்குல நீளம்தான் வரும். 58 அங்குலப் பன்னாவில் முழுதாக அடங்கும். இதைச் சொல்லாமல் 44 பன்னா துணியை வாங்கிக் கொடுத்தால் மாஸ்டர் நடுவில் ஒட்டுப் போடுவார், அல்லது திசையை மாற்றிவிடுவார். துணிச் செலவும் கூடும். 58 பன்னாவில் நேர்வெட்டில் முன்பாகமும் பின்பாகமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 50 அங்குலத்தில், அதாவது 1.27 மீட்டரில் வேலை முடிந்தது. கிராஸில் முன்பாகத்தை ஒரு பக்கமும் பின்பாகத்தை எதிர்ப்பக்கமும் சாய்க்க வேண்டும் என்பதால் 105 அங்குலம், கிட்டத்தட்ட 2.7 மீட்டர் போகும். பாகங்களின் ஓரம் குறுகலாக இருந்தால் கொஞ்சம் குறையலாம். ஆனாலும் இரண்டு மடங்கு துணி என்று வைத்துக்கொண்டுதான் விலை சொல்ல வேண்டும்.

எதிர்ப்பக்கம் சாய்ப்பதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், பெரும்பாலான கவுன்கள் கெடுவது அங்கேதான். கிராஸில் வெட்டி, கீழே விரிந்து போகும் பாகத்தில் ஒரு ஓரம் பாவுத் திசைப் பக்கம் சாயும், மறு ஓரம் ஊடைத் திசைப் பக்கம் சாயும். சாட்டினில் பாவும் ஊடையும் ஒரே மாதிரி நூல் இல்லை, ஒரே அளவு இறங்குவதும் இல்லை. முன்பாகத்தையும் பின்பாகத்தையும் ஒரே சாய்வில் வெட்டினால் பக்கத் தையலில் பாவு ஓரமும் ஊடை ஓரமும் சேரும். ஒன்று இறங்கும், மற்றது இறங்காது. தையல் சுருக்கம் சுருக்கமாக இழுக்கும், உடுத்தி நடந்தால் பக்கத் தையல் முன்னால் வந்துவிடும். எதிரெதிராகச் சாய்த்தால் பாவு ஓரம் பாவு ஓரத்தோடு சேரும். "முன், பின் எதிர் கிராஸ்" என்ற நான்கு சொல் போதும், மாஸ்டர் புரிந்துகொள்வார். ஸ்ரீவில்லிபுத்தூரில் தனிக்கடை வைத்துக் கவுன் தைக்கிறவர்கள் வாடிக்கையாளரிடம் அளவு எடுக்கும்போதே நோட்டில் இதைக் குறித்துக்கொள்வது நல்லது. வெட்டிய பிறகு இதைத் திருத்த வழியே கிடையாது.

நைட்டிக்குப் பல அடுக்கு லே போட்டு மெஷினில் வெட்டுவது வழக்கம். சாட்டினை அப்படி அடுக்கினால் மேல் அடுக்கு ஒரு பக்கம், கீழ் அடுக்கு ஒரு பக்கம் வழுக்கும். 45 டிகிரி என்று எழுதியது மேல் அடுக்குக்கு மட்டும்தான் உண்மையாக இருக்கும். ஆகவே ஷீட்டில் "ஒற்றை அடுக்கு, அடியில் காகிதம்" என்று இருக்கட்டும். தையல் இடம் ஓர் அங்குலம் விடச் சொல்லுங்கள். துணி தொங்கி நீளும்போது ஒடுங்கும், அந்த அங்குலத்திலிருந்துதான் விட்டுக்கொடுக்க முடியும்.

விறைப்பைத் திரும்பக் கொண்டுவருகிற சில பழக்கங்களையும் வெளிப்படையாகத் தடுக்க வேண்டும். இடுப்பில் ஒட்டுத் தையல் வைத்தால் தோளிலிருந்து வரும் சரிவு அங்கேயே நின்றுவிடும். கழுத்து முழுக்க கேன்வாஸ் ஒட்டினால் மேல்பாகம் அட்டையாகும். கழுத்தும் கைக்குழியும் இழுபடாமல் இருக்க நேர்வெட்டு நாடாவை அந்த விளிம்பில் மட்டும் வைத்தால் போதும். லைனிங் நேர்வெட்டாக இருந்தால் வெளித்துணியை அது பிடித்து நிறுத்தும், லைனிங்கும் கிராஸில்தான் வெட்ட வேண்டும்.

ஸ்கெட்ச் போடுபவருக்கோ கேட்டலாக்கில் படத்துக்குக் கீழே வாசகம் எழுதுபவருக்கோ கொடுக்கும் விவரிப்பு வேறு மாதிரி. அங்கே டிகிரி உதவாது, கண்ணுக்குத் தெரிவதைச் சொல்ல வேண்டும். மடிப்பு எங்கே தொடங்குகிறது, எங்கே கரைகிறது, எங்கே துணி உடம்பைத் தொடுகிறது, எங்கே விடுகிறது, வெளிச்சம் எந்த வழியாக ஓடுகிறது. "அழகான, வழவழப்பான, நளினமான ஷாம்பெயின் நிறச் சாட்டின் கவுன்" என்று எழுதினால் வரைபவர் நேர்க்கோட்டு மடிப்புகளைத்தான் வரைவார். மடிப்பு என்றதும் கைக்கு வருவது அதுதான். இப்படி எழுதிப் பாருங்கள்:

"மெல்லிய ஷாம்பெயின் நிறச் சாட்டின், முழுக்கக் கிராஸ் வெட்டு, இடுப்பில் தையல் இல்லை. துணி இரண்டு மெல்லிய தோள்பட்டிகளில் மட்டும் தொங்குகிறது. இடது தோளில் தொடங்கும் மடிப்பு மார்பைக் கடந்து வலது இடுப்பெலும்புவரை சரிந்து, அங்கே அகன்று மறைகிறது. இடுப்பில் துணி தொட்டும் தொடாமலும் இருக்கிறது, தொடையின் நடுவுக்குக் கீழே உடம்பை விட்டுவிடுகிறது. வலது இடுப்பிலிருந்து இடது முழங்கால்வரை ஒரே அகல ஒளிக்கோடு சாய்வாக ஓடுகிறது. கீழ்விளிம்பு லேசாக அலைகிறது, குழாய் மடிப்பு இல்லை."

இந்தப் பத்தியில் ஒரு பாராட்டுச் சொல்லும் இல்லை. மடிப்புக்கும் ஒளிக்கோட்டுக்கும் ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் இருக்கின்றன. அதனால்தான் வரைபவரின் கை சரியாகச் சாய்கிறது. ஒரு காலில் எடையைப் போட்டு நிற்கும் நிலையைச் சொன்னால் இன்னும் நல்லது. இடுப்பு ஒரு பக்கம் உயர்ந்தால்தான் துணிக்குச் சரிய ஒரு மேடு கிடைக்கும். விறைத்து நிற்கும் உருவத்தில் நல்ல கிராஸ் கவுன்கூட நேர்வெட்டுப் போலத் தெரியும்.

சாம்பிள் வந்ததும் சோதிக்க டேப் வேண்டாம். பாவாடையின் நடுவில் இரண்டு விரல்களால் மேலும் கீழும் இழுங்கள். கொடுத்து, விட்டதும் திரும்பினால் கிராஸ். இறுக்கமாக நின்றால் நேர்வெட்டு. பிறகு பொம்மையில் மாட்டிப் பத்தடி தள்ளி நில்லுங்கள். ஒளிக்கோடு நேராக இறங்கினால் வெட்டில் கோளாறு. சரிந்து வந்து ஓரிடத்தில் வெடுக்கென்று உடைந்தால் அந்த இடத்தில் தையல் இறுக்கம் அல்லது லைனிங் பிடிப்பு. இடுப்பைச் சுற்றிக் குறுக்கே சுருக்கம் விழுந்தால் அளவு போதவில்லை, அதற்கு வெட்டைக் குறை சொல்லக் கூடாது.

கீழ்விளிம்பை மட்டும் அன்றே மடித்துத் தைக்க விடாதீர்கள். கிராஸ் துணி தன் எடையிலேயே இறங்கும், அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவு இறங்காது. பக்கத் தையல்வரை முடித்த கவுனை ஹேங்கரில் குறைந்தது 24 மணி நேரம் தொங்கவிட்டு, பிறகு பொம்மையில் மாட்டி, தரையிலிருந்து ஸ்கேல் வைத்துச் சுற்றிலும் குறித்து, இறங்கிய பகுதியை வெட்டிவிட்டுத்தான் மடிக்க வேண்டும். டெலிவரி தேதி எழுதும் கட்டத்தில் இந்த ஒரு நாளையும் சேர்த்தே எழுதுங்கள். தைத்து முடித்த அன்றே பார்சல் கேட்கும் பையரிடம் அந்த நாளுக்கான காரணத்தை ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.