20 மணித்தியாலத்துக்கு 70 ரூபாய்
நம்பிக்கைகளும் உண்மைகளும்

படுவான்கரையில் ஒரு மாதர் சங்கம். அதன் சுயஉதவிக் குழுப் பெண்கள் தேசிக்காய் ஊறுகாய் போட்டு விற்கிறார்கள். ருசியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் போட்ட போத்தலெல்லாம் விற்றுத் தீர்ந்தாலும் அடுத்த முறை போத்தல் வாங்கக் கடன்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. ஏன் என்று கணக்குப் பார்த்துச் சொல்லும்படி என்னை அழைத்திருந்தார்கள். அங்கே பேசியதையே இங்கே எழுதுகிறேன். விலைகள் அன்றைய கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. தேசிக்காய் விலை மாதத்துக்கு மாதம் ஆடும். நீங்கள் உங்கள் சந்தை விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: “சாமான் காசு போக மிச்சமெல்லாம் இலாபம்.”

ஒரு முறை ஊறுகாய் போட 10 கிலோ தேசிக்காய் வாங்குகிறார்கள். கிலோ 300 ரூபாய்ப்படி 3,000. உப்பு 300, கொச்சிக்காய்த் தூள் அரைக் கிலோ 700, வெந்தயம், கடுகு, மஞ்சளுக்கு 250. ஆக 4,250 ரூபாய். போத்தலை 250 ரூபாய்க்கு விற்கிறார்கள். இவ்வளவுதான் அவர்களுடைய கொப்பியில் இருந்தது.

10 கிலோ வாங்கினால் 10 கிலோ ஊறுகாய் வராது. அழுகலும் அடிபட்டதும் அரைக் கிலோவுக்கு மேல் போகும். நல்லதில் ஒரு பகுதியைச் சாறு பிழிந்தால் தோலும் கொட்டையும் கழியும். உப்பிட்டு வெயிலில் வைத்தால் தண்ணீர் இழுபடும். உப்பும் தூளும் சேர்ந்த பிறகும் கையில் இருப்பது 8 கிலோ அளவுதான். சட்டியில் ஒட்டியது, ருசி பார்த்தது, வீட்டுக்கு எடுத்தது போக 200 கிராம் போத்தல் 38 வந்தது. சாமான் செலவை 40ஆல் பிரிப்பதா 38ஆல் பிரிப்பதா என்றால், நிறுத்துப் பார்த்த எண்ணிக்கையால்தான் பிரிக்க வேண்டும். தராசு இல்லாத வீட்டில் இந்த இடத்திலேயே கணக்குப் பிழைத்துவிடும்.

அடுத்தது போத்தல். மூடியோடு ஒன்று 75 ரூபாய். உடைவதற்கும் சேர்த்து 40 வாங்கினால் 3,000. லேபல் 480, மூடிக்கு மேல் போடும் பிளாஸ்டிக் உறை 200, கடைக்குக் கொண்டுபோக அட்டைப் பெட்டி 200. ஆக 3,880. இந்தத் தொகையைச் சொன்னபோது கூட்டத்தில் ஒரு சலசலப்பு. உள்ளே இருக்கும் ஊறுகாய்க்கும் வெளியே இருக்கும் போத்தலுக்கும் ஏறக்குறைய ஒரே செலவு. சின்னப் போத்தலில் விற்கிற எவருக்கும் இப்படித்தான் வரும். லேபலை விட்டுவிடவும் முடியாது. பெயர், சேர்மானம், நிகர நிறை, செய்த திகதி, முடியும் திகதி, தொகுதி இலக்கம், செய்தவர் விலாசம் இல்லாத போத்தலைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கண்டால் கடைக்காரருக்கும் சேர்த்துத்தான் வில்லங்கம்.

போத்தல் அவிக்கவும் வெந்தயம் வறுக்கவும் அடுப்புச் செலவு 400. போத்தல் வாங்க டவுணுக்குப் போய்வந்த பஸ் காசு, பெட்டிகளைக் கொண்டுபோன ஓட்டோக் காசு 900. எல்லாம் கூட்டினால் 9,430 ரூபாய். 38 போத்தலை 250 ரூபாய்ப்படி விற்றால் வருவது 9,500.

மிச்சம் 70 ரூபாய். அதுவும் ஒரு போத்தல்கூடத் திரும்பி வராமல், எல்லாவற்றையும் நேரடியாகக் கைக்காசுக்கு விற்றால்.

நம்பிக்கை: “நம்மட கைதானே, அதற்கென்ன கூலி?”

அந்த 70 ரூபாய் எத்தனை மணித்தியால வேலைக்கு என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. ஒரே நாளில் செய்து முடிக்கிற வேலை இல்லை என்பதால் அது கணக்கில் தெரிவதில்லை. எல்லோருமாகச் சேர்ந்து எண்ணினோம். சந்தைக்குப் போய்வர இரண்டு மணித்தியாலம். கழுவி, ஈரம் துடைத்து, வெட்ட நான்கு. உப்பிட ஒன்று. காலையில் வெயிலில் பரப்பி மாலையில் எடுத்து வைக்க நாளுக்கு அரை மணித்தியாலம், ஆறு நாளுக்கு மூன்று. வறுத்து இடிக்க ஒன்றரை, கலக்க ஒன்று. போத்தல் கழுவி அவித்துக் காயவைக்க இரண்டு. நிரப்பி, மூடி, லேபல் ஒட்ட மூன்றரை. கடைக்குக் கொண்டுபோக இரண்டு. ஆக 20. மணித்தியாலத்துக்கு மூன்றரை ரூபாய்.

“வீட்டில சும்மா இருக்கிற நேரம்தானே மகள்” என்றார் மூத்த அக்கா ஒருவர். சும்மா இருக்கிற நேரமென்றே வைத்துக்கொள்வோம். நாளைக்கு ஒரு கடை 200 போத்தல் கேட்டால் பக்கத்து வீட்டு மச்சாளைக் கூப்பிட வேண்டும். அவர் சும்மா வரமாட்டார். அப்போது கொடுக்கப்போகும் கூலி இன்றைய விலைக்குள் இல்லாவிட்டால், ஓர்டர் கூடக்கூட நட்டம்தான் கூடும்.

இந்தக் கேள்விக்குப் பழைய விடை ஒன்று உண்டு. 1959இல் பம்பாயின் கிர்காம் பகுதியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் தொடங்கியதுதான் லிஜ்ஜத் அப்பளம். அங்கே உறுப்பினர்கள் எல்லோரும் உரிமையாளர்கள். ஆனாலும் காலையில் மாவை வாங்கிப்போய் உருட்டித் தருகிறவருக்குக் கிலோ கணக்கில் கூலி உண்டு. அந்தக் கூலி செலவுக் கணக்கில் முதலில் எழுதப்படும். இலாபப் பங்கு பிறகு. உரிமையாளர் என்பதற்காகக் கூலியை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. நம் சங்கங்களில் நடப்பது நேர்மாறு. வெட்டியவருக்கும் வெயிலில் காவல் இருந்தவருக்கும் கூட்டத்துக்கு மட்டும் வந்தவருக்கும் மிச்சத்தில் ஒரே பங்கு. குழுக்களில் சண்டை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். யார் எத்தனை மணித்தியாலம் செய்தார் என்று கொப்பியில் எழுதினால் பாதிச் சண்டை குறையும்.

கூலி எவ்வளவு போடலாம்? உங்கள் ஊரில் வயல் வேலைக்கோ கடை வேலைக்கோ ஒரு பெண்ணுக்குக் கொடுக்கும் நாட்கூலியை எட்டால் பிரியுங்கள். நாங்கள் 1,600 ரூபாயை எடுத்தோம். மணித்தியாலத்துக்கு 200, 20 மணித்தியாலத்துக்கு 4,000. சாடி, தராசு, கிரைண்டர் தேய்மானத்துக்கு ஒரு தடவைக்கு 200 சேர்த்தால் முழுச் செலவு 13,630. இரண்டு போத்தல் கசிந்தோ விற்காமலோ திரும்பும் என்று வைத்து 36ஆல் பிரித்தால், ஒரு போத்தலின் அடக்கவிலை 379 ரூபாய். விற்றது 250க்கு.

நம்பிக்கை: “வீட்டு மரத்துத் தேசிக்காய் இலவசம்.”

சந்தையில் விற்றிருந்தால் கிலோவுக்கு எவ்வளவு கிடைத்திருக்குமோ, அதுதான் அதன் விலை. மரம் வைத்திருக்கும் உறுப்பினருக்குக் குழு அந்தக் காசைக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் காய்ப்பு முடிந்து சந்தையில் வாங்குகிற மாதம், அதே விலைக்கு ஊறுகாய் போட முடியாது.

நம்பிக்கை: “கடைக்காரருக்கு 20 வீதம் என்றால் நம் விலையில் 20 வீதம் கூட்டினால் சரி.”

கூட்டிப் பாருங்கள். 379இல் 20 வீதம் கூட்டினால் 455. கடைக்காரர் கழிப்பதோ விற்ற விலையில் 20 வீதம். 455இல் அது 91. உங்கள் கைக்கு வருவது 364, போத்தலுக்கு 15 ரூபாய் நட்டம். அடக்கவிலையை 0.8ஆல் பிரிக்க வேண்டும். 379ஐப் பிரித்தால் 474. அதற்கும் மேலே விற்றால்தான் குழுவுக்கு ஏதாவது மிஞ்சும்.

நம்பிக்கை: “இந்த விலைக்கு யாரும் வாங்கமாட்டார்கள், அதனால் கணக்குப் பார்த்துப் பயனில்லை.”

முதல் பாதியில் உண்மை இருக்கிறது. பக்கத்திலே கம்பனி ஊறுகாய் அதைவிட மலிவாக இருக்கும்போது 474 ரூபாய்ப் போத்தல் தட்டிலேயே கிடக்கும். ஆனால் எதைக் குறைக்கலாம் என்று காட்டுவது கணக்குத்தான். வழக்கமாகக் கூலியைத்தான் குறைக்கிறார்கள். இந்தக் கணக்கில் முதலில் கை வைக்க வேண்டியவை இரண்டு. ஒன்று போத்தல், மற்றது ஒரு தடவை போடும் அளவு.

10 கிலோவுக்குப் பதிலாக 20 கிலோ போட்டால் வெட்டும் வேலையும் நிரப்பும் வேலையும் இரட்டிக்கும். சந்தைக்குப் போவதும் வெயிலில் வைத்து எடுப்பதும் கடைக்குப் போவதும் கொஞ்சம்தான் கூடும். கண்ணாடிப் போத்தலுக்குப் பதில் 25 ரூபாய்ப் பை என்றால் போத்தல் அவிக்கும் வேலையும் இல்லை. இப்படிப் பார்த்தால் 40 மணித்தியாலம் 30 ஆகிறது. கூலி அதே 200 ரூபாய்தான். சாமான் 8,500, பை 2,000, லேபல் 960, பெட்டி 400, அடுப்பு 650, போக்குவரத்து 1,100, கூலி 6,000, பை ஒட்டும் மெஷினும் சேர்த்துத் தேய்மானம் 400. மொத்தம் 20,010. 76 பையில் நான்கு கழித்து 72ஆல் பிரித்தால் அடக்கவிலை 278. 0.8ஆல் பிரித்தால் 348. 360 ரூபாய்க்குக் கடையில் வைக்கலாம். ஒருவருடைய கூலியிலும் கை வைக்கவில்லை.

பைக்கு ஒரு நிபந்தனை உண்டு. நன்றாக ஊறி அடங்காத ஊறுகாயைப் பையில் ஒட்டினால் உள்ளே காற்றுக் கட்டி உப்பிவிடும். அதனால் சாடியில் இருந்து அடங்கும்வரை பொறுக்க வேண்டும். அதுவரை உங்கள் காசும் அந்தச் சாடிக்குள்தான் கிடக்கும். வாரத் தவணைக் கடனில் சாமான் வாங்கினால் ஊறுகாய் ஊறுவதற்குள் மூன்று நான்கு தவணை வந்துவிடும். அந்த வட்டியும் செலவுதான். கொப்பியில் அதற்கும் ஒரு வரி வேண்டும்.

இன்னொரு வரி மழைக்கு. கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் வெயிலுக்குக் குறைவில்லை, சொன்ன நாளுக்குள் காயும். ஐப்பசிக்குப் பிறகு வாடை தொடங்கினால் பரப்பியதை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடுவதே வேலையாகிவிடும். சாறு மட்டம் இறங்கி மேலே காய் தெரிந்தால் அங்கே வெள்ளையாகப் பூஞ்சணம் பிடிக்கும். மேலே வழித்துவிட்டு விற்கலாம் என்று நினைக்க வேண்டாம், அந்தச் சாடி போனதுதான். பத்துத் தடவையில் ஒன்று இப்படிப் போகுமென்றால் மற்ற ஒன்பதும் அதன் செலவைச் சுமக்க வேண்டும். தைப்பொங்கல் விற்பனைக்கு வேண்டியதைப் புரட்டாதிக்குள் காயவைத்துச் சாடியில் போட்டுவிடுவது இதைவிட மலிவு.

நம்பிக்கை: “ஒருமுறை வைத்த விலையை மாற்றினால் வாடிக்கை போய்விடும்.”

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். ஒரு வருடத்துக்கு முந்திய விலையிலேயே அப்போது விற்றவர்கள், ஒவ்வொரு போத்தலோடும் தங்கள் முதலில் கொஞ்சத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 250 ரூபாய் எப்போது வைத்த விலை என்று அந்தக் குழுவிடம் கேட்டேன். ஒருவர் ஒரு வருடம் சொன்னார், இன்னொருவர் வேறொன்று சொன்னார். கொப்பியில் திகதி இல்லை. தேசிக்காய், கொச்சிக்காய்த் தூள், போத்தல் ஆகிய மூன்றின் விலையையும் ஒவ்வொரு தடவையும் திகதியோடு எழுதச் சொன்னேன். மூன்றில் ஒன்று பத்து வீதம் ஏறினாலும் முழுக் கணக்கையும் திரும்பப் போட வேண்டும். கொப்பி எழுத ஒப்புக்கொண்ட பிள்ளைக்குத் தடவைக்கு அரை மணித்தியாலக் கூலி, 100 ரூபாய். அதையும் செலவில் சேர்த்தோம்.