வெள்ளம் வடிந்த பிறகு பட்டியல் போட முடியாது

2023 மார்ச் வெள்ளத்தில் யோங் பெங், பத்து பஹாட், சிகாமட் வட்டாரங்களில் வீடுகள் நாள்கணக்கில் நீரில் நின்றன. அப்படி ஒரு வீட்டுக்குத் திரும்பி, சேறு படிந்த கூடத்தில் நின்றுகொண்டு என்னென்ன இருந்தன என்று யோசித்தால் பாதிதான் நினைவுக்கு வரும். அதனால் வீட்டுப் பொருள்களின் பட்டியலை, விலையோடும் படத்தோடும், இப்போதே போட்டுவையுங்கள்.

முதலில் காப்புறுதிப் பத்திரத்தைப் பாருங்கள். வீட்டுக் கடனோடு வங்கி எடுத்துத் தருவது பெரும்பாலும் கட்டடத்துக்கு மட்டும்தான். உள்ளே இருக்கும் பொருள்களுக்கு ‘ஹவுஸ்ஹோல்டர்’ காப்புறுதி வேண்டும். வழக்கமான பத்திரத்தில் ஒரு நிபந்தனை உண்டு: தளவாடம், மின்சாதனம் போன்றவை நீங்கலாக, தனியாக அறிவிக்காத எந்த ஒரு பொருளுக்கும் மொத்தத் தொகையில் 5 விழுக்காட்டுக்கு மேல் கிடைக்காது. நகைகள் எல்லாம் சேர்ந்தாலும் மூன்றில் ஒரு பங்குதான். 60,000 ரிங்கிட் காப்புறுதி என்றால் 12,000 ரிங்கிட் தாலிக்கொடிக்கு 3,000தான் வரும். நம் வீடுகளில் அதிகம் அடிவாங்குவது இங்கேதான்.

அடுத்தது கூட்டுத்தொகை. பட்டியலில் 80,000 வந்து, காப்புறுதி 60,000 ஆக இருந்தால், மீதியை நீங்களே சுமப்பதாகக் கணக்கு. வெள்ளத்தில் 20,000 ரிங்கிட் சேதமானால் நிறுவனம் முக்கால் பங்கு, அதாவது 15,000 மட்டுமே ஏற்கும். வெள்ளத்துக்கான சொந்தப் பங்கு அதிலும் கழியும். இது முன்கூட்டியே தெரிந்தால் முகவரிடம் சொல்லித் தொகையை உயர்த்திக்கொள்ளலாம்.

இனி படம். ஒவ்வோர் அறையையும் வாசலில் நின்று அகலமாக ஒன்று எடுங்கள். அலமாரிகளைத் திறந்துவைத்து எடுங்கள். பிறகு குளிர்பதனப் பெட்டி, தொலைக்காட்சி, சலவை இயந்திரம் ஒவ்வொன்றிலும் ஒட்டியிருக்கும் சீட்டை, மாடல் எண்ணும் வரிசை எண்ணும் தெளிவாகத் தெரியும்படி நெருக்கத்தில் எடுங்கள். நகையைத் தராசில் வைத்து எடை தெரிய எடுப்பது நல்லது. கடை ரசீதின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும், அதனால் வாங்கிய அன்றே படம் பிடியுங்கள். வாங்கிய ஆண்டையும் குறியுங்கள். பல பத்திரங்கள் தேய்மானம் கழித்துத்தான் தருகின்றன. அலுவலகம் கொடுத்த மடிக்கணினி உங்கள் உடைமையல்ல, அதற்கு யார் காப்புறுதி எடுத்திருக்கிறார்கள் என்று வேலையிடத்தில் கேட்டுவையுங்கள்.

கைப்பேசியில் மட்டும் வைத்திருந்தால் கைப்பேசியோடு போய்விடும். மின்னஞ்சலில் ஒரு பிரதியும், வெள்ளம் வராத ஊரில் இருக்கும் அண்ணன் அக்காவிடம் ஒரு பிரதியும் இருக்கட்டும்.

சேதமான பிறகு அவசரப்பட்டு எதையும் குப்பைக்கு அனுப்பாதீர்கள். சுவரில் நீர் ஏறிய கோட்டைப் படம் பிடித்து, நிறுவனத்துக்கு உடனே தகவல் சொல்லுங்கள். ஊறிப்போன மெத்தையை வைத்திருக்கவே முடியாது என்றால், படமெடுத்து அனுப்பி, நிறுவனத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிய பிறகு வீசுங்கள்.