பாஸ்புக்கில் ₹118 பிடித்தம்: எதற்கு?

வங்கிக் கணக்கு அறிக்கையில் MAB அல்லது AMB என்று தொடங்கும் பதிவு, குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கான அபராதம். SMS CHRG என்பது குறுஞ்செய்திக் கட்டணம். இரண்டுக்கும் 18% ஜிஎஸ்டி உண்டு. சில வங்கிகள் வரியைத் தனிப் பதிவாகக் காட்டும்; சில சேர்த்தே பிடிக்கும். சேர்ந்திருந்தால் தொகையை 1.18ஆல் வகுங்கள். ₹118 என்றால் அபராதம் 100, வரி 18. ₹17.70 என்றால் குறுஞ்செய்திக்கு 15, வரி 2.70.

பலர் தடுமாறுவது இருப்பின் மாதச் சராசரியில்தான். மாதத்தின் ஒவ்வொரு நாள் இறுதி இருப்பையும் கூட்டி, நாட்களால் வகுப்பார்கள். பத்து நாள் ₹11,000, மீதி இருபது நாள் ₹500 இருந்தால் சராசரி ₹4,000. வங்கி ₹5,000 கேட்டால், பற்றாக்குறை ஆயிரம்தான். அபராதமும் அந்தப் பற்றாக்குறைக்கு ஏற்றபடிதான் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். சேமிப்புக் கணக்கில் இருப்பு குறைந்ததை வங்கி முதலில் தெரிவித்து, சரிசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 2015 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அபராதத்தால் மட்டுமே கணக்கு மைனஸுக்குப் போகவும் கூடாது. அறிவிப்பே வரவில்லையா? பிடித்த தேதி, தொகையைக் குறிப்பிட்டுக் கிளைக்கு எழுதிக் கொடுங்கள். பணம் திரும்பும்போது வரியும் சேர்ந்து வந்ததா என்று சரிபாருங்கள்.