நோயை முந்தும் திட்டம்

நுழையும்முன்

வலியோடு மருத்துவமனைக்கு வருபவர் தாமாக உதவி தேடி வருகிறார். எந்தத் தொல்லையும் இல்லாத ஒருவரை "வந்து சோதித்துக்கொள்ளுங்கள்" என்று வீடு தேடிச் சென்று அழைக்கும்போதோ, அழைத்தவர்மீது ஒரு கடன் ஏறிவிடுகிறது. ஒரு கிராம சுகாதார நிலையம் அக்கடனை எவ்வாறு கணக்கிட்டுத் தீர்க்கிறது என்பதைக் கருப்பைவாய்ப் புற்றுநோயை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது இப்பாடம்.

மெல்ல வளரும் நோய்

கருப்பையின் கீழ்ப்பகுதி குறுகி முடியும் இடமே கருப்பைவாய். அங்குத் தோன்றும் புற்றுநோய்க்கு எச்.பி.வி. என்னும் தீநுண்மி காரணமாகிறது. பாலுறவின் வழியே பரவும் இத்தொற்று மிகப் பரவலானது. பெரும்பாலான பெண்களின் உடல் ஓரிரு ஆண்டுகளில் அதைத் தானாகவே அகற்றிவிடும். சிலரிடம் மட்டும் அது நிலைத்து நின்று, கருப்பைவாயின் மேற்பரப்புச் செல்களை மெல்ல மாற்றுகிறது. அம்மாற்றம் புற்றாக முதிர்வதற்குப் பொதுவாக 10 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. அந்நாள் முழுவதும் பெண்ணுக்கு வலியோ வேறு அறிகுறியோ இருப்பதில்லை. இந்த நீண்ட அமைதிக்காலமே தடுப்பு மருத்துவம் நுழைவதற்கான வாயில்.

நோய்த்தடுப்பை மூன்று நிலைகளாகப் பகுத்துக் காணும் முறையை லீவல், கிளார்க் என்னும் அறிஞர்கள் பரவச் செய்தனர். தொற்று வருவதற்கு முன்பே அதனைத் தடுப்பது முதல்நிலை. 9 முதல் 14 வயதுச் சிறுமியருக்குப் பரிந்துரைக்கப்படும் எச்.பி.வி. தடுப்பூசி இவ்வகையைச் சார்ந்தது. செல்கள் மாறத் தொடங்கிய பிறகு, புற்றாகும் முன்னர்க் கண்டுபிடித்து நீக்குவது இரண்டாம்நிலை. புற்றுநோய் உண்டான பின்னர் அறுவையாலும் கதிர்வீச்சாலும் அதன் கேட்டைக் குறைத்து, வலி தணித்து, வாழ்வை மீட்பது மூன்றாம்நிலை. இவை தகுதியால் அமைந்த வரிசை அல்ல. நோயின் காலக்கோட்டில் எந்த இடத்தில் குறுக்கிடுகிறோம் என்பதைக் காட்டும் பெயர்களே. முதல்நிலைத் தடுப்பு இருக்க இரண்டாம்நிலை எதற்கு என்னும் வினா இயல்பாக எழும். தடுப்பூசி ஏற்கெனவே உள்ள தொற்றை நீக்காது. இன்று நாற்பது வயதிலிருக்கும் தாய்க்கு, அவள் மகளுக்குப் போடப்படும் ஊசியால் பயன் விளைவதில்லை. அவளுக்கு உரியது முன்கண்டறிதல் பரிசோதனையே.

எதைத் தேடலாம், எதைத் தேடலாகாது

எல்லா நோய்களையும் இவ்வாறு தேடிச் செல்லுதல் தகுமா? 1968ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் வெளியீடாக வில்சன், யுங்னர் ஆகிய இருவரும் இதற்கான நெறிகளை வகுத்தனர். நோய்க்கு அறிகுறியற்ற தொடக்கக் காலம் இருத்தல் வேண்டும். மக்கள் ஏற்கத்தக்க எளிய சோதனை இருத்தல் வேண்டும். இவற்றினும் முதன்மையான ஒன்று: கண்டுபிடிக்கப்பட்டவருக்கு அளிப்பதற்குச் சிகிச்சையும் அதற்குரிய வசதியும் இருத்தல் வேண்டும். சிகிச்சைக்கு வழியில்லாத இடத்தில் நோயை மட்டும் தேடிக் கண்டறிவது, ஒருவருடைய நிம்மதியைப் பறித்துக்கொண்டு வெறுங்கையோடு அனுப்புவதற்கு ஒப்பாகும்.

இந்நெறிகள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் மெய்ப்பிக்கப்பட்டன. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையைச் சேர்ந்த மருத்துவர் சங்கரநாராயணன் தலைமையில், திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களிடையே ஓர் ஆய்வு நடந்தது. அம்பிளிக்கையிலுள்ள ஒரு சமுதாய நல மையம் அதன் களமாக விளங்கியது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில், அழைக்கப்படாத ஊர்களைவிடக் கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும், அதனால் நேரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. முடிவுகள் 2007இல் வெளியாயின. இவ்வூர்களில் பரிசோதித்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்களே என்பது கருதத்தக்கது.

அவர்கள் செய்த சோதனைக்கு வி.ஐ.ஏ. என்று பெயர். பருத்தித் துணுக்கை 3 முதல் 5 விழுக்காட்டு அசிட்டிக் அமிலக் கரைசலில் தோய்த்து, கருப்பைவாயின்மீது வைத்து, ஒரு நிமிடம் காத்திருந்து, நல்ல விளக்கொளியில் வெறும் கண்ணால் பார்ப்பதே அச்சோதனை. மாறிய செல்கள் உள்ள இடம் தெளிவான விளிம்போடு அடர்ந்த வெண்மையாகத் தெரியும். ஏறத்தாழச் சமையல் காடியின் வலிமையே இக்கரைசலுக்கும் உண்டு. அடர் அமிலம் 5 மில்லிலிட்டருக்கு 95 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீர் என்னும் அளவில், அன்றைய தேவைக்கு அன்றே கலக்க வேண்டும். கலக்காத அமிலம் திசுவைச் சுட்டுவிடும் ஆதலால் கலப்பவர் கவனம் பிறழலாகாது.

பின்னிருந்து முன்னோக்கிய கணக்கு

சமவெளிப் பகுதியில் 30,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையமும், 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையமும் என்பது நம் நாட்டு நெறி. அத்தகைய நிலையம் ஒன்றைக் கற்பனையாக எடுத்துக்கொள்ளலாம். மக்களில் ஐந்தில் ஒரு பங்கினர் 30 முதல் 59 வயதுப் பெண்கள் எனக் கொண்டால், பரிசோதிக்க வேண்டியவர்கள் 6,000 பேர். ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை சோதித்தல் போதுமாதலால், ஆண்டுக்கு 1,200 பேர். வாரத்திற்கு ஏறத்தாழ 24 பேர்.

திட்டமிடுவோர் பலர் இந்த இடத்தில் முகாமுக்குப் பந்தல் போடத் தொடங்கிவிடுவர். ஆனால், கணக்கின் மறுமுனை இன்னும் பார்க்கப்படவில்லை. திண்டுக்கல் ஆய்வில் சோதிக்கப்பட்ட 31,343 பெண்களில் 3,088 பேருக்கு, அதாவது ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு, வெண்மை தென்பட்டது. புற்றுக்கு முந்தைய மாற்றம் இருப்பதாக உறுதியானவர் 1,874 பேர். ஏறத்தாழ 6 விழுக்காடு. இவ்விகிதத்தை நம் நிலையத்திற்குப் பொருத்தினால், ஆண்டுக்கு 120 பெண்களிடம் "வெண்மை தெரிகிறது" என்று சொல்ல நேரும். அவர்களுள் 72 பேருக்கே மாற்றம் இருக்கும். மற்ற 48 பேரின் வெண்மைக்கு அழற்சி முதலிய வேறு காரணங்கள் இருக்கக்கூடும். அந்த 72 பேரிடம் உள்ள மாற்றங்களிலும் பல, லேசானவையாதலால் தாமாகவே மறையக்கூடும். வெண்மை என்பது புற்றுநோய் என்னும் தீர்ப்பன்று. இதனைச் செவிலியர் அப்பெண்ணிடம் சோதனைக்கு முன்பே சொல்லியாக வேண்டும். பின்னர்ச் சொன்னால் அச்சம் செவியை அடைத்துவிடும்.

இப்பொழுது இரண்டு வழிகளை ஒப்பிடலாம். ஒரு நிலையம் ஒரே நாளில் முகாம் நடத்தி 400 பெண்களைச் சோதிக்கிறது. நாளிதழில் படமும் வருகிறது. அம்முகாமில் 40 பெண்களுக்கு வெண்மை தெரியும். வட்ட மருத்துவமனையின் மகளிர் மருத்துவர் இவர்களுள் வாரத்திற்கு மூவரைத்தான் பார்க்க இயலும் என்றால், கடைசிப் பெண்ணின் முறை வர மூன்று மாதங்களுக்கு மேலாகும். அதற்குள் அறுவடை வந்துவிடும், பேருந்துச் செலவு இடிக்கும், வீட்டார் தடுப்பர், தொல்லை ஏதும் இல்லையே என்னும் எண்ணமும் தலைதூக்கும். முகாமில் எண்ணப்பட்டவர் 400. காக்கப்பட்டவர் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கே இராது.

மற்றொரு நிலையம் வாரத்தில் இரண்டு முற்பகல்களில், முற்பகலுக்குப் பன்னிருவர் வீதம் சோதிக்கிறது. ஒருவருக்குக் கால் மணி நேரம் என மூன்று மணி நேரத்தில் பணி முடியும். வாரத்திற்கு இருவர் அல்லது மூவருக்கு வெண்மை தெரியும். அவர்களைக் கவனிக்க அதே மருத்துவர் போதும். பயிற்சியும் கருவியும் இருப்பின், வெண்மையுற்ற பகுதியை உறையச் செய்து நீக்கும் குளிர்முறைச் சிகிச்சையை அன்றே அங்கேயே செய்யலாம். வெண்மை கருப்பைவாயின் உட்குழாய்க்குள் நீண்டிருந்தாலோ, மேற்பரப்பில் முக்கால் பங்குக்கு மேல் பரவியிருந்தாலோ, புற்றுநோய் என ஐயம் தோன்றினாலோ குளிர்முறை பொருந்தாது. மேல்மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். ஆகவே, மருத்துவரால் வாரத்திற்கு எத்தனை பேருக்குச் சிகிச்சை அளிக்க இயலும் என்பதை முதலில் கேட்டு, அவ்வெண்ணைப் பத்தால் பெருக்கினால், வாரத்தில் எத்தனை பேரை அழைக்கலாம் என்பது தானே கிடைக்கும். கட்டுமானம் கூரையிலிருந்து தொடங்குவதுபோல் தோன்றினும், இத்திட்டத்திற்கு அதுவே முறை.

பெயரேட்டின் வெற்றுக் கட்டம்

நன்கு நடந்த திண்டுக்கல் ஆய்விலும், அழைக்கப்பட்டவருள் சோதனைக்கு வந்தவர் 64 விழுக்காட்டினரே. மாற்றம் கண்டறியப்பட்டவருள் சிகிச்சை பெற்றவர் 72 விழுக்காட்டினரே. நம் நிலையத்தின் 72 பேரில் இருபதுபேர் இவ்வாறு நழுவக்கூடும். அவர்களைக் கண்டுகொள்ள விலையுயர்ந்த கருவி தேவையில்லை. வெண்மை தெரிந்த நாள் ஒரு கட்டத்திலும், சிகிச்சை முடிந்த நாள் மறு கட்டத்திலும் எழுதப்படும் ஒரு பெயரேடு போதும். முப்பது நாள் கடந்தும் இரண்டாம் கட்டம் வெறுமையாக இருந்தால், கிராம சுகாதாரச் செவிலியர் அவ்வீட்டுக்குச் செல்ல வேண்டும். சோதனைக்கு வராதோரை அறியவும் அவர் வைத்திருக்கும் குடும்பப் பட்டியலே துணை. ஒரு துணை நிலையத்திற்கு ஆண்டுக்கு 200 பெயர்கள். பெயர் சொல்லி அழைக்கத்தக்க எண்ணிக்கைதான். ஒலிபெருக்கி அழைப்புக்கு வருபவர்கள் பெரும்பாலும் நிலையத்திற்கு அருகில் வாழ்பவர்கள். தொலைவிலுள்ள குடியிருப்பின் கூலிப்பெண், ஒருநாள் கூலியை இழக்காத நேரத்தைக் கேட்டறிந்து அழைத்தால்தான் வருவாள். திரையிட்ட தனியறையும் பெண் செவிலியரும் இல்லையெனில் வந்தவளும் திரும்பிவிடுவாள்.

சோதனை சரியாக நடக்கிறதா என்பதையும் அப்பெயரேடே காட்டும். நூறு பேரைப் பார்த்த செவிலியர் ஒருவருக்கு மட்டுமே வெண்மை எனக் குறித்திருந்தால், விளக்கொளி குன்றியிருக்கலாம், கரைசல் பழையதாயிருக்கலாம், ஒரு நிமிடம் காத்திராமல் பார்த்திருக்கலாம். முப்பது பேருக்கு எனக் குறித்திருந்தால், அழற்சியின் மங்கலான வெண்மையையும் நோயாகக் கொள்கிறார் எனலாம். இரண்டிலும் மீள்பயிற்சி தேவை. ஐம்பது வயதைக் கடந்த பெண்களுக்கு, பார்க்க வேண்டிய பகுதி உட்குழாய்க்குள் நகர்ந்துவிடுவதால் இச்சோதனையின் திறன் குறைகிறது. இத்தகைய குறைகளைக் கருதியே, வாய்ப்புள்ள இடங்களில் எச்.பி.வி. மரபணுச் சோதனையைப் பயன்படுத்துமாறு 2021இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

மதிப்பீடு

1. தடுப்பூசி, வி.ஐ.ஏ. சோதனை, கதிர்வீச்சுச் சிகிச்சை ஆகியவை எந்தெந்தத் தடுப்பு நிலைகளைச் சார்ந்தவை? காரணத்துடன் எழுதுக.

2. ஒரு மலைப்பகுதிச் சுகாதார நிலையம் 20,000 மக்களுக்கு உரியது. அங்கு வாரத்திற்கு ஒருவருக்கு மட்டுமே குளிர்முறைச் சிகிச்சை அளிக்க இயலும். வாரத்திற்கு எத்தனை பெண்களை அழைக்கலாம்? அவ்வாறு அழைத்தால் ஐந்தாண்டுகளில் அனைவரையும் சோதித்து முடிக்க இயலுமா? இயலாதெனில், எந்த வயதினரை முதலில் அழைப்பீர்? ஏன்?

3. வெண்மை தெரிந்தும் சிகிச்சைக்கு வராத ஒரு பெண்ணின் வீட்டில் கிராம சுகாதாரச் செவிலியர் நிகழ்த்தும் உரையாடலை எழுதுக.

4. உங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்திற்குச் சென்று, அங்கு நடைபெறும் ஏதேனும் ஒரு முன்கண்டறிதல் பரிசோதனையில் நோய் இருப்பதாகக் கண்டறியப்படுபவர் அடுத்து எங்கு அனுப்பப்படுகிறார், அவர் சென்று சேர்ந்தார் என்பது எவ்வாறு உறுதிசெய்யப்படுகிறது என்பவற்றைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.