நூறில் ஒரு நாளைக்கு அப்பால்

வேல்யூ அட் ரிஸ்க் ஒரு எல்லையை மட்டும்தான் சொல்கிறது. நூறு நாளில் 99 நாள் நஷ்டம் இதைத் தாண்டாது, அவ்வளவே. தாண்டிய அந்த ஒரு நாளில் எவ்வளவு போகும் என்பதற்கு அதில் பதில் இல்லை. 1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீடு ஒரே நாளில் 20 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. 1960 முதல் அதுவரை கண்ட பெரிய ஒருநாள் சரிவு, 1962 மே மாதத்தில், 7 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. பழைய நாட்களைத் திருப்பிப் பார்த்து மட்டும் 20ஐ எட்ட முடியாது.

எக்ஸ்ட்ரீம் வேல்யூ தியரி உதவிக்கு வருவது இங்கேதான். முதன்முதலாகப் படிக்க வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது, சாதாரண நாட்களை மறந்துவிடுங்கள் என்பதுதான். ஓர் உயரமான எல்லையை வைத்து, அதைத் தாண்டிய நஷ்டங்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு தாண்டியது என்று பாருங்கள். மூலத் தரவின் வடிவம் எதுவானாலும், பெரும்பாலும் இந்த மிகைகள் ஜெனரலைஸ்டு பரேட்டோ என்ற ஒரே குடும்பத்தை நெருங்கும். 1970களில் பிக்கண்ட்ஸ், பால்கெமா, டி ஹான் நிறுவிய தேற்றம் இது. அந்தக் குடும்பத்தைக் குறிக்க இரண்டு எண்கள் போதும். β அளவைச் சொல்லும். ξ, வால் எவ்வளவு தடிமன் என்று சொல்லும்.

பயிற்சிக்கு நான் கொடுக்கும் கணக்கு இது. 2,500 வர்த்தக நாட்கள், எல்லை 2 சதவீதம். அதைத் தாண்டியவை 100 நாட்கள், அதாவது நூற்றுக்கு 4. பொருத்திப் பார்த்ததில் β = 0.8, ξ = 0.25 என்று வைத்துக்கொள்வோம். எல்லைக்கு மேலே போகும் சூத்திரம்:

```
VaR = u + (β/ξ) * ((p/0.04)**(-ξ) - 1)
```

இதில் u என்பது எல்லை, p என்பது அந்த நஷ்டத்தைத் தாண்டும் வாய்ப்பு. 99 சதவீதத்துக்கு p = 0.01. அடைப்புக்குறிக்குள் 0.25, அதன் −0.25 அடுக்கு 1.414. ஒன்றைக் கழித்து 3.2ஆல் பெருக்கி 2ஐச் சேர்த்தால் 3.33 சதவீதம். நஷ்டம் அந்த 3.33ஐத் தாண்டினால் சராசரியாக எவ்வளவு போகும் என்பதையும் இதே எண்களிலிருந்து எடுக்கலாம். எக்ஸ்பெக்டட் ஷார்ட்ஃபால் எனப்படும் அந்த அளவு இங்கே 4.83 சதவீதம். p = 0.0001 என்று வைத்தால், அதாவது ஏறக்குறைய 40 வருஷத்தில் ஒரு நாள், விடை 13.1 சதவீதம்.

இப்போது β-வைத் தொடாமல் ξ-ஐ மட்டும் 0.4 ஆக்கிப் பாருங்கள். 99 சதவீத விடை 3.48, பழையதிலிருந்து பெரிதாக மாறவில்லை. 40 வருஷ விடையோ 22 சதவீதத்துக்குத் தாவுகிறது. ξ பூஜ்யமானால் அதே விடை 6.8க்கு இறங்கிவிடும். நூறு நாட்களிலிருந்து மதிப்பிட்ட ξ-இன் திட்டப்பிழை சுமார் (1+ξ)/√100, இங்கே 0.125. ஆக 0.25 என்று வந்த எண் உண்மையில் பூஜ்யமாகவும் இருக்கலாம், 0.5 ஆகவும் இருக்கலாம். 13.1 என்ற ஒற்றை எண்ணை மட்டும் அறிக்கையில் எழுதக்கூடாது என்று நான் விடாப்பிடியாக இருப்பது இதனால்தான். ஒரு வீச்சாகவே எழுதுங்கள், மேல்முனையை மறைக்காதீர்கள்.

அடுத்த கேள்வி, எல்லையை எங்கே வைப்பது? கீழே வைத்தால் சாதாரண நாட்கள் கலந்து தேற்றமே பொருந்தாமல் போகும். மேலே ஏற்றினால் கையில் நாட்களே மிஞ்சாது. நான் முதலில் பார்ப்பது சராசரி மிகை வரைபடம். ஒவ்வொரு எல்லைக்கும், தாண்டிய நஷ்டங்களின் சராசரி மிகையைப் புள்ளியாகக் குறித்து, புள்ளிகள் நேர்கோடாகத் தொடங்கும் இடத்தைத் தேடுகிறேன். கோடு மேல்நோக்கிச் சாய்ந்தால் வால் தடிமன். வலது ஓரத்துப் புள்ளிகள் ஆளுக்கொரு பக்கம் துள்ளும். அங்கே இரண்டு மூன்று நாட்களின் சராசரிதான் இருக்கிறது, அதை நம்ப வேண்டாம். பிறகு எல்லையை 1.8, 2, 2.3 என்று நகர்த்தி ξ-ஐத் திரும்ப மதிப்பிடுகிறேன். ஓரளவு ஒரே இடத்தில் நின்றால் சரி. எல்லை நகரும் ஒவ்வொரு முறையும் ξ தாவினால், பொருத்தம் இன்னும் கிடைக்கவில்லை.

பைதானில் செய்பவர்களுக்கு ஒன்று:

```python
from scipy.stats import genpareto
c, loc, scale = genpareto.fit(x[x > u] - u, floc=0)
```

இதில் `x` நஷ்டங்களின் வரிசை, `c` என்பதுதான் ξ, `scale` என்பது β. `floc=0` கொடுக்காவிட்டால் தொடக்கப்புள்ளியையும் அதுவே தேடி, மற்ற இரண்டு எண்களையும் குலைத்துவிடும்.

இன்னொன்று, பெரிய சரிவுகள் கொத்தாக வரும். தேதி வரிசையில் அடுக்கிப் பார்த்தால், அந்த நூறு நாட்களில் பல ஒரே சில வாரங்களில் நெருங்கிக் கிடக்கும். அப்போது அவை நூறு தனித்தனிச் சாட்சிகள் ஆகாது. திட்டப்பிழை நாம் கணக்கிட்ட 0.125ஐவிடப் பெரிது. மெக்நீல், ஃப்ரே இருவரும் 2000இல் காட்டிய வழி, முதலில் கார்ச் மாதிரியால் அன்றன்றைய ஏற்ற இறக்கத்தைப் பிரித்து, மிஞ்சும் எச்சங்களின் வாலுக்குப் பரேட்டோவைப் பொருத்துவது. நாளைய நஷ்டம் வேண்டுமென்றால் அந்த வழியில் போங்கள். 40 வருஷக் கேள்விக்கு, ஒவ்வொரு கொத்திலும் உச்ச நாளை மட்டும் வைத்து மீண்டும் பொருத்திப் பாருங்கள்.