முன்பக்க ஹெட்போன் ஜாக்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ். பழைய கேபினெட்டை வீணாக்க மனமில்லாமல் அதற்குள்ளேயே புது மதர்போர்டை மாட்டியிருந்தார்கள். பின்பக்கத்தில் செருகிய ஸ்பீக்கர் நன்றாகப் பாடியது. முன்பக்க ஜாக்கில் ஹெட்போனைச் செருகினால் மட்டும் சத்தமே இல்லை. ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அவர்கள் சொன்னவற்றில் மூன்றை இங்கே சரிபார்ப்போம்.

நம்பிக்கை: முன்பக்கம் ஒலி வராவிட்டால் போர்டின் சவுண்ட் பகுதி போய்விட்டது.

உண்மை: முன்பக்க ஜாக்குக்கும் பின்பக்க ஜாக்குக்கும் ஒலி தருவது மதர்போர்டில் இருக்கும் ஒரே சிப்தான். அதே ஹெட்போனைப் பின்பக்கப் பச்சை ஜாக்கில் செருகிப் பாருங்கள். அங்கே ஒலி கேட்டால் சிப் உயிரோடு இருக்கிறது, ஹெட்போனிலும் குறையில்லை. இனித் தேட வேண்டியது முன்பக்க ஜாக், அதிலிருந்து போர்டுக்கு வரும் ஒயர், விண்டோஸ் செட்டிங் ஆகியவற்றில்தான். சவுண்ட் கார்டுக்குக் காசு கொடுக்க இன்னும் நேரம் வரவில்லை.

நம்பிக்கை: ஒயர் மாட்டித்தான் இருக்கிறது, அதனால் ஒயரில் தவறு இருக்காது.

உண்மை: இந்தக் கோளாறில் அதிகம் ஏமாற்றுவது இந்த நம்பிக்கைதான். கம்ப்யூட்டரை அணைத்து, மின்கம்பியையும் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். பெரும்பாலான போர்டுகளில், பின்பக்க ஆடியோ ஜாக்குகளுக்குக் கீழே, போர்டின் அடி ஓரத்தில் 9 பின்கள் கொண்ட சின்ன இணைப்பு தெரியும். ஆசுஸ் போர்டில் அதன் பெயர் AAFP, கிகாபைட்டில் F_AUDIO, எம்எஸ்ஐயில் JAUD1, ஏஎஸ்ராக்கில் HD_AUDIO1. முன்பக்க யுஎஸ்பி 2.0 இணைப்பிலும் 9 பின்கள்தான். ஆனால் ஆடியோவில் 8ஆவது பின் இருக்காது, யுஎஸ்பியில் 9ஆவது பின் இருக்காது. அதனால் பிளக் எளிதாக இறங்காவிட்டால் அழுத்தாதீர்கள். இடம் மாறியிருக்கலாம், பின் வளைந்துவிடும்.

பழைய கேபினெட்டுகளில் ஒரே ஒயரின் நுனியில் இரண்டு பிளக்குகள் தொங்குவதுண்டு. ஒன்றில் AC'97 என்றும் மற்றொன்றில் HD AUDIO என்றும் எழுதியிருக்கும். இரண்டும் ஒரே இணைப்பில் சரியாக உட்காரும், சிக்கலே அங்குதான். இன்டெல் 2004இல் கொண்டுவந்த எச்டி ஆடியோ முறையில், ஹெட்போன் செருகப்பட்டதைப் போர்டுக்குச் சொல்லத் தனிக் கம்பிகள் உண்டு. அதற்கு முந்தைய AC'97 ஒயரில் அவை இல்லை. அந்தப் பிளக்கை மாட்டினால், நீங்கள் ஹெட்போனைச் செருகியதே புதுப் போர்டுக்குத் தெரியாது. தெரியாததால் முன்பக்கத்துக்கு ஒலி அனுப்பாமல் இருந்துவிடுகிறது.

அந்த ஆபீஸிலும் இதேதான் நடந்திருந்தது. மாட்டியிருந்த AC'97 பிளக்கை எடுத்துவிட்டு, பக்கத்தில் சும்மா தொங்கிய HD AUDIO பிளக்கைச் செருகியதும் முன்பக்கம் பேசியது.

கேபினெட்டில் AC'97 பிளக் மட்டுமே இருந்தால்? சில போர்டுகளின் பயாஸில் Front Panel Type என்ற தேர்வு இருக்கும், அதை AC97 என மாற்றலாம். ரியல்டெக் மென்பொருளில் முன்பக்க ஜாக் கண்டறிதலை நிறுத்தும் வசதி இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். ஒலி வரும். ஆனால் ஹெட்போன் செருகியதும் ஸ்பீக்கர் தானாக அடங்காது.

நம்பிக்கை: விண்டோஸை மறுபடி போட்டால் சரியாகிவிடும்.

உண்மை: முதலில் இரண்டு நிமிடச் சோதனை ஒன்று செய்யுங்கள். விண்டோஸ் பொத்தானுடன் R அழுத்தி இதை அடியுங்கள்:

```
mmsys.cpl
```

Playback பக்கம் திறக்கும். காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து Show Disabled Devices, Show Disconnected Devices இரண்டையும் டிக் செய்யுங்கள். ஹெட்போன் Disabled என்று கிடந்தால் Enable கொடுங்கள். ஹெட்போனைத் தனியாகக் காட்டாமல், முன்னுக்கும் பின்னுக்கும் சேர்த்து Speakers என்று ஒன்றை மட்டும் காட்டும் கம்ப்யூட்டர்களும் உண்டு.

இனி ஒரு பாட்டை ஓடவிட்டு, இந்தப் பக்கத்தைப் பார்த்தபடியே ஹெட்போனைச் செருகி எடுங்கள். செருகிய பிறகும் Not plugged in என்றே நின்றால், செய்தி போர்டுக்கு எட்டவில்லை. மீண்டும் பிளக்கையும் ஒயரையும் பாருங்கள். ஹெட்போனுக்கு நேரே பச்சைக் கோடு ஏறி இறங்கியும் காதில் ஒன்றும் கேட்காவிட்டால், விண்டோஸ் தன் வேலையைச் செய்துவிட்டது. ஜாக் தேய்ந்திருக்கலாம், அல்லது ஒயர் அறுந்திருக்கலாம். கோடு வேறொரு சாதனத்துக்கு நேரே ஆடினால், ஹெட்போனைத் தேர்ந்து Set Default கொடுங்கள்.

பின்பக்கம் பாடுகிற வரை, விண்டோஸை மாற்றச் சொன்னாலும் போர்டை மாற்றச் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். கேபினெட்டைத் திறந்து, எந்தப் பிளக் மாட்டியிருக்கிறது என்று உங்கள் கண்ணால் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.