மறுமொழிக்கு முன் மடலைப் படித்தல்

நாக்பூரில் எட்டாம் வகுப்பில் பயிலும் மலர்விழி என்னும் மாணவி ஒருத்தி இருப்பதாக வைத்துக்கொள்வோம். தமிழ்ச் சங்கம் ஒன்று நடத்தும் பேச்சுப்போட்டிக்கு அவள் விண்ணப்பித்திருக்கிறாள். புதன்கிழமை மாலை அவளுக்கு இரண்டு மின்னஞ்சல்கள் வந்தன. முதல் மடல் இது:

பொருள்: பேச்சுப்போட்டி – வயதுச் சான்று – வெள்ளி மாலை 5 மணிக்குள்

செல்வி மலர்விழிக்கு,
வணக்கம். தங்கள் விண்ணப்பம் கிடைத்தது. வயதுச் சான்றின் படி இணைக்கப்படவில்லை. வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் அனுப்பினால் மட்டுமே பெயர் பட்டியலில் சேரும்.
இப்படிக்கு,
செயலாளர், போட்டிக் குழு

மற்றொன்று திருநெல்வேலியிலிருந்து வந்தது. பொருள் என்னும் இடம் வெற்றிடமாக இருந்தது.

அன்புப் பேத்தி மலருக்கு,
இங்கு நலம். அங்கே மழை தொடங்கிவிட்டதா? தாமிரபரணியில் தண்ணீர் வந்துவிட்டது. பாட்டிக்கு முழங்கால் வலி. இப்போதெல்லாம் மாடிக்கு ஏறுவதில்லை. போட்டியில் உனக்கு என்ன தலைப்பு? நீ எழுதியதை எனக்கும் அனுப்பு, படித்துப் பார்க்கிறேன்.
உன் தாத்தா

மலர்விழி இரண்டிற்கும் மறுமொழி எழுதினாள். செயலாளருக்கு எழுதியது பன்னிரண்டு வரி. "அன்புள்ள ஐயா, நலமா?" என்று தொடங்கி, தேர்வுகள் இருந்ததால் சான்றை இணைக்க மறந்த கதையைச் சொல்லி, மன்னிப்பை மூன்று முறை கேட்டு, இறுதி வரியில் சான்றைப் பற்றிக் குறிப்பிட்டிருந்தாள். தாத்தாவுக்கு எழுதியதோ ஒரே வரி: "மடல் கிடைத்தது, நலம், நன்றி." அஞ்சிய இடத்தில் சொற்கள் பெருகின, உரிமையுள்ள இடத்தில் சுருங்கின. சிறுவர் பலரிடமும் காணப்படும் பழக்கம் இது. நல்வேளையாக, அனுப்பும் பொத்தானை அவள் இன்னும் அழுத்தவில்லை.

செயலாளரின் மடல் தனக்கு எத்தகைய மறுமொழி வேண்டும் என்பதைப் பொருள் வரியிலேயே கூறிவிட்டது. அதில் மூன்று செய்திகள் உள்ளன: எந்த நிகழ்ச்சி, எது தேவை, எப்போதைக்குள். 'செல்வி' என்னும் விளியும் 'தங்கள்' என்னும் சொல்லும் அவர் அவளை ஒரு விண்ணப்பதாரராகக் கருதி எழுதுகிறார் என்பதைக் காட்டுகின்றன. கையொப்பத்தில் பெயர் இல்லை, பதவி மட்டுமே உள்ளது. எனவே மறுமொழியும் பதவிக்கே செல்லவேண்டும். எழுதியவர் ஆடவரா பெண்டிரா என்று தெரியாத நிலையில் 'ஐயா' என விளிப்பது பொருந்தாது. 'மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு' என்பது எவர்க்கும் பொருந்தும். 'அன்புள்ள' என்பதும் இங்கே இடம்பெறாது. ஆங்கில அலுவலக மடல்களில் 'டியர்' என்று எழுதுவதைப் பார்த்துப் பழகியவர்கள் அதனைத் தமிழிலும் அப்படியே எழுதிவிடுகின்றனர். ஆங்கிலத்தில் அது வெறும் மரபுச் சொல். தமிழிலோ 'அன்புள்ள' என்பதில் அன்பு உண்மையாகவே இருக்கிறது.

மலர்விழி திருத்தி எழுதியது:

பொருள்: Re: பேச்சுப்போட்டி – வயதுச் சான்று – வெள்ளி மாலை 5 மணிக்குள்

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,
வணக்கம். வயதுச் சான்றின் படியை இத்துடன் இணைத்துள்ளேன். முன்னரே அனுப்பாமைக்கு வருந்துகிறேன். பெயர் சேர்க்கப்பட்டதைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.
இப்படிக்கு,
க. மலர்விழி, எட்டாம் வகுப்பு

பொருள் வரியை அவள் மாற்றவில்லை என்பதைக் கவனிக்க. 'Re:' என்பதை மறுமொழி என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் எனப் பலர் எண்ணுகின்றனர். அது 'இப்பொருள் குறித்து' எனப் பொருள்படும் இலத்தீன் தொடரிலிருந்து வந்தது. அதே பொருள் வரியில் விடை எழுதினால், ஜிமெயில் போன்றவை கேள்வியையும் விடையையும் ஒரே கோவையாக அடுக்கிவைக்கும். வரியை மாற்றினால் விடை தனி மடலாகப் பிரிந்துவிடும். பல விண்ணப்பங்களைப் பார்க்கும் ஒருவர், 'மன்னிக்கவும்' என்னும் புதிய பொருள் வரியுடன் வந்த மடலைக் கடைசியாகவே திறப்பார்.

தாத்தாவின் மடலில் பொருள் வரி இல்லாததே ஒரு குறிப்பு. குறிப்பிட்ட காரியம் எதையும் முன்னிட்டு அவர் எழுதவில்லை, பேசுவதற்காக எழுதுகிறார். மழை, தலைப்பு, பேச்சின் படி என அவர் கேட்டவை மூன்று. முழங்கால் வலியை அவர் கேள்வியாக்கவில்லை. எனினும், மறுமொழியில் அதற்கு ஒரு வரி இல்லாமற்போனால் அவர் மனம் வருந்தும். ஆகவே, இம்மடலுக்கு நீண்ட விடையே தகும். "பாட்டி மாடிக்கு ஏறாவிட்டால் வற்றல் காயவைப்பது யார்?" என்று மலர்விழி கேட்டு எழுதினாள். அந்த ஒரு கேள்வியே தாத்தாவிடமிருந்து அடுத்த மடலை வரவழைக்கும்.

வந்த மடலின் நீளத்தையும் தொனியையும் ஒட்டி விடை எழுதுவது பொதுவாகப் பொருந்தும். ஆயினும் தமிழில் அதற்கு ஓர் எல்லை உண்டு. தாத்தா 'நீ' என எழுதினார் என்பதற்காகப் பேத்தியும் 'நீ' என எழுதுவதில்லை. அவள் எழுத வேண்டியது 'நீங்கள்'. இதே சங்கச் செயலாளர் அடுத்த மடலில் "அன்புள்ள மலர்விழி, நீ நன்றாகப் பேசினாய்" என்று எழுதினால், அவர் ஒரு படி நெருங்கி வந்துள்ளார் என்பது பொருள். அப்போது அவளும் 'அன்புள்ள' என்று தொடங்கலாம். 'தாங்கள்' என்பதை 'நீங்கள்' ஆக்கலாம். அதற்கு மேல் இறங்குவதற்கு இடமில்லை.

வியாழன் காலை செயலாளரிடமிருந்து விடை வந்தது. விளியும் வணக்கமும் இல்லை. "சரி. சேர்த்தாயிற்று." அவ்வளவே. அவர் சினங்கொண்டார் என மலர்விழி அஞ்சினாள். மடலின் அடியில் 'கைப்பேசியிலிருந்து அனுப்பப்பட்டது' என்னும் வரி தானாகச் சேர்ந்திருந்தது. எழுதியவர் பயணத்திலோ பணியிடையிலோ சிறு திரையில் தட்டெழுதியிருக்கலாம். கேட்ட செய்திக்கு முழு விடை இருந்தால், சுருக்கத்தைச் சினமாகக் கொள்ள வேண்டுவதில்லை. இத்தகைய மடலுக்கு 'நன்றி' என்ற ஒரு சொல் போதும்.

கையொப்பம் தொடர்பாக இன்னொன்றும் உண்டு. தமிழ்நாட்டுக்கு வெளியே வாழ்வோர் இதனை அடிக்கடி எதிர்கொள்வர். மலர்விழி கருணாகரன் என்று கையொப்பமிட்டால், பிறமொழியாளர் பின்வரும் பெயரைக் குடும்பப் பெயர் எனக் கொண்டு, 'திரு கருணாகரன்' என்று விளித்து விடை எழுதுவர். அது அவள் தந்தையின் பெயர். வந்த விளியைப் பார்த்தே இப்பிழையை அறியலாம். அடுத்த மடலில் நீண்ட விளக்கம் வேண்டாம். "மலர்விழி என்றே அழைக்கலாம்" என்று ஒரு வரி சேர்த்து, கையொப்பத்தையும் அவ்வாறே மாற்றிக்கொண்டால் போதும்.

பயிற்சி

1. தாத்தாவுக்கு மலர்விழி எழுதிய மறுமொழியை முழுமையாக எழுதுக. அவர் கேட்ட மூன்றுக்கும், கேட்காத ஒன்றுக்கும் அதில் விடை இருத்தல் வேண்டும்.

2. "பொருள்: நாளை ஒத்திகை இல்லை. அனைவருக்கும், மண்டபம் பூட்டப்பட்டுள்ளது. சனிக்கிழமை வருக." இம்மடல் இருபது மாணவர்களுக்கு ஒருங்கே வந்தது. இதற்கு மறுமொழி தேவையா? தேவை எனில், அனைவருக்குமா, அனுப்பியவருக்கு மட்டுமா? காரணம் கூறுக.

3. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு வந்த மின்னஞ்சலை அவருடைய இசைவுடன் படித்து, அதன் விளியும் கையொப்பமும் எழுதியவரைப் பற்றி உணர்த்துவன எவை என நான்கு வரிகளில் எழுதுக.